சிறுதீயா, பெருந்தீயா? பால் சுண்டுவது பற்றிய பழைய வழக்கு

பால்கோவா கிண்டும்போது அடுப்பு எப்படி எரிய வேண்டும்? வீட்டில் கேட்டால் "தீயைத் தணித்து வை, அவசரப்படாதே" என்பார்கள். மிட்டாய்ப் பட்டறையில் கேட்டால் "தீ நின்று எரியட்டும், கைதான் நிற்கக் கூடாது" என்பார்கள். பால்வளத் தொழில்நுட்பம் படித்தவர் தீயைப் பற்றியே பேசமாட்டார். பாத்திரத்தின் சுவர் எவ்வளவு சூடு என்று கேட்பார். மூன்று பதிலுக்கும் பின்னால் நீண்ட அனுபவம் இருக்கிறது. மூன்றின்படியும் நல்ல கோவா எடுத்தவர்கள் உண்டு, மூன்றின்படியும் அடிபிடிக்க விட்டவர்களும் உண்டு.

பசும்பாலில் நூற்றுக்குச் சுமார் 87 பங்கு நீர். அதில் பெரும்பகுதியை ஆவியாக்கி, மிஞ்சும் கொழுப்பும் புரதமும் பால்சர்க்கரையும் கொஞ்ச நீரோடு கூடி ஒரே திரளாக நிற்கச் செய்வதுதான் கோவா. எவ்வளவு வேகத்தில் சுண்டுவது, எதுவரை சுண்டுவது, சுண்டிய பிறகு என்ன செய்வது என்று மூன்று கேள்விகள் இதில் அடங்கியிருக்கின்றன. முதல் கேள்வியைப் பற்றியே எல்லாரும் வாதிட்டுவந்திருக்கிறார்கள். கோவாவின் தரத்தை மற்ற இரண்டும் அதே அளவுக்குத் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் கருத்து. முதல் கேள்விக்கும்கூட, பால் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைச் சேர்க்காமல் பதில் சொல்ல முடியாது.

சிறுதீக் கட்சி

சிறுதீயை வலியுறுத்தும் மரபு வீட்டுச் சமையலிலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் அதன் முகம் திரட்டுப்பால். கல்யாணச் சீரிலும் சீமந்தத்திலும் இடம்பெறும் இந்த இனிப்பை அடிகனமான வெண்கல உருளியில், தணிந்த தீயில், மணிக்கணக்கில் கிளறுவார்கள். இனிப்புக்கு வெல்லம் சேர்க்கும் குடும்பங்கள் பல. இந்த முறை பிறந்ததற்கு வீட்டின் நிலைமையே பெரிய காரணமாக இருந்திருக்க வேண்டும். ஒரே கை பாலையும் பார்க்க வேண்டும், மற்ற வேலைகளையும் பார்க்க வேண்டும். தணிந்த தீ இருந்தால் பால் பொங்கி வழியாது. இரண்டு நிமிடம் நகர்ந்துவிட்டு வந்தாலும் பெரும்பாலும் ஆபத்தில்லை.

இந்தக் கட்சிக்குச் சுவை சார்ந்த வாதமும் ஒன்று உண்டு. மெல்லச் சுண்டிய பாலுக்கு இளஞ்சிவப்பு நிறமும், காய்ச்சிய சர்க்கரையை நினைவூட்டும் ஒரு மணமும் வரும். இது உண்மை. ஆனால் அதற்குத் தீ தணிந்திருப்பது நேரடிக் காரணமில்லை. கொதிக்கிற பால் சிறுதீயிலும் பெருந்தீயிலும் ஏறக்குறைய ஒரே சூட்டில், அதாவது 100 டிகிரிக்குச் சற்று மேலேயே இருக்கிறது. தீயைக் கூட்டினால் ஆவி வேகமாகப் போகுமே தவிர, உள்ளிருக்கும் பால் மேலும் சூடாவதில்லை. சிறுதீயில் மாறுவது நேரம். பால்சர்க்கரையும் புரதமும் அதே சூட்டில் ஒரு மணி நேரத்துக்குப் பதில் மூன்று மணி நேரம் கூடி இருப்பதால் நிறமும் மணமும் ஏறுகின்றன.

இக்கட்சியின் பலவீனமும் இங்கேதான் இருக்கிறது. வெள்ளைக் கோவா வேண்டுமென்றால் சிறுதீ உதவாது. "தணிந்த தீயில் அடிபிடிக்காது" என்ற நம்பிக்கையும் பாதிதான் சரி. கிளறாமல் விட்ட பால் தணிந்த தீயிலும் அடியில் படியும். கருக எடுத்துக்கொள்ளும் நேரம்தான் கூடுதல்.

பட்டறையின் பெருந்தீ

வட இந்திய ஹல்வாய்களின் முறை இதற்கு நேர் எதிர். வாயகன்ற இரும்புக் கடாய், நின்று எரியும் புகையில்லாத தீ, ஒரு தடவைக்கு 3 முதல் 4 லிட்டர் பால் மட்டும். 'குந்தி' என்னும் தட்டையான இரும்புத் துடுப்பால் கடாயின் அடியையும் பக்கங்களையும் வட்டமாகச் சுரண்டிக்கொண்டே இருப்பார்கள். சுகுமார் டே 1980இல் வெளியிட்ட பால் தொழில்நுட்பப் பாடநூல் இந்த முறையைப் படிப்படியாக எழுதிவைத்திருக்கிறது. பால்வள மாணவர்கள் பலர் கோவாவை அந்த நூல் வழியாகவே அறிந்திருக்கிறார்கள். பட்டறை வழக்கம் பாடமானதில் ஒரு நன்மை உண்டு. கை அறிந்திருந்த ஒரு கட்டத்துக்கு அது எண் கொடுத்தது. பசும்பால் ஏறக்குறைய 2.8 மடங்கு சுண்டும்போதும், எருமைப்பால் 2.5 மடங்கு சுண்டும்போதும் பால் திடீரென உறைந்து, நிறம் மாறி, குழம்பாகிறது. அதுவரை தீ நின்று எரியலாம். அதன்பின் சூட்டைக் குறைத்து, கிளறும் வேகத்தைக் கூட்ட வேண்டும். கடைசிக் கட்டத்தில் திரள் 80 முதல் 88 டிகிரிக்குள் இருந்தால் போதும்.

பெருந்தீக் கட்சி என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் முதலில் பெருந்தீ, பிறகு சிறுதீ என்ற கட்சி. இந்த இரண்டாம் பாதி வாய்வழியாகப் பரவும்போது உதிர்ந்துவிடுகிறது. கடையில் தீ எரிவதைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் அப்படியே செய்பவர்களுக்குக் கடைசிக் கால் மணி நேரத்தில் பால் கருகுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பட்டறை முறையின் பலவீனம் அளவில் இருக்கிறது. அதே கடாயில், அதே அடுப்பில் இரண்டு மடங்கு பாலை ஊற்றினால் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் வெப்பம் பாதியாகிறது, நேரம் இரண்டு மடங்காகிறது. தீ பெரிதாகவே எரிந்துகொண்டிருக்க, பாலின் பார்வையில் அது சிறுதீயாக மாறிவிடுகிறது. நிறம் பழுக்கிறது, கை ஓய்கிறது, ஓய்ந்த கையின் கீழ் அடி பிடிக்கிறது. 3, 4 லிட்டர் என்ற அளவு சிக்கனத்துக்காக வந்ததல்ல. ஒரு ஆளின் தோள் தாங்கும் நேரத்துக்குள் வேலை முடிய வேண்டும் என்பதற்காக வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில் நிற்கிறது. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இனிப்புக்குப் பசும்பாலும் சர்க்கரையும் மட்டுமே சரக்கு. பட்டறை வேகமும் உண்டு, முடிவில் கிடைக்கும் இளம்பழுப்பும் குறுமணியும் வீட்டுத் திரட்டுப்பாலுக்கு நெருக்கமானவை. அங்கே சர்க்கரை பாலோடு சேர்ந்து சுண்டுவதால், இனிப்பில்லாத கோவாவுக்கு எழுதிய விதிகளை அப்படியே அதற்குப் பொருத்த முடியாது. இதைக் கீழே வரும் கணக்கில் பார்க்கலாம்.

அடி ஏன் பிடிக்கிறது

"அடிபிடித்தது" என்ற ஒரே சொல்லில் இரண்டு நிகழ்ச்சிகள் அடங்கியிருக்கின்றன. முதலாவது படிதல், இரண்டாவது கருகல். பாலில் கரைந்திருக்கும் மோர்ப்புரதங்கள் 70 டிகிரியைத் தாண்டியதும் தம் மடிப்புகளை அவிழ்க்கத் தொடங்குகின்றன. அவிழ்ந்த புரதம் எதிலாவது ஒட்டத் துடிக்கும். சூடான பாத்திரச் சுவர் அதற்கு வசதியான இடம். சூடு கூடக் கூட, பாலிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டும் கரைந்திருக்க முடியாமல் அதே இடத்தில் வந்து படிகிறது. அடியில் மென்மையான ஒரு வெள்ளைத் தோல் உருவாகிறது. இது இன்னும் கருகவில்லை, மணமும் மாறவில்லை. ஆனால் அந்தத் தோல் வெப்பத்தை மேலே விடாது. அதன் அடிப்பக்கம் பாலின் குளிர்ச்சியிலிருந்து துண்டிக்கப்பட்டு, பாத்திரத்தின் சூட்டை நோக்கி ஏறுகிறது. பழுக்கிறது, பிறகு கருகுகிறது.

இதிலிருந்து கிடைக்கும் முக்கியமான செய்தி: படிதல் கொதிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, கொதி வந்தபின் கிளறலாம் என்று இருப்பதுதான் பரவலான தவறு. கொதி வந்துவிட்டால் குமிழிகளே ஓரளவு அடியைக் கலக்கும். அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் பால் அசையாமல் கிடக்கிறது, அடியோ சூடாகிக்கொண்டிருக்கிறது. துடுப்பு முதலிலிருந்தே அடியைத் தொட வேண்டும். மேலாகச் சுழற்றுவது கண்ணுக்குக் கிளறுவதுபோல் தெரிந்தாலும் அந்தத் தோலை அது எடுப்பதில்லை. விளிம்பு வளைந்த பாத்திரத்துக்குத் தட்டையான துடுப்பு பொருந்தாமல், அடியும் சுவரும் சேரும் மூலையில் ஒரு வளையம் தப்பிவிடும். கருகல் பெரும்பாலும் அந்த வளையத்தில்தான் தொடங்குகிறது. வட்டமான அடியுடைய கடாயும் உருளியும் நிலைத்துவந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பாத்திரத்தின் உலோகம் பற்றியும் நெடுநாள் வாதம் உண்டு. மெல்லிய எவர்சில்வர் வெப்பத்தைப் பக்கவாட்டில் பரப்பாது. சுடர் படும் இடம் மட்டும் கனன்று, பர்னரின் வட்டமே அடியில் அச்சாகப் பதியும். கனத்த அலுமினியமும் வெண்கலமும் இரும்பும் சூட்டைப் பரப்பித் தருகின்றன. இரும்பு சற்றே நிறம் மங்கச் செய்யும். ஈயம் பூசாத செம்பு கொழுப்பு சீக்கிரம் காறுவதற்குத் துணைபோகும் என்பதால், நாள்பட வைக்கும் கோவாவுக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. பாலை ஊற்றுமுன் பாத்திரத்தை நீரில் அலசுவதும், அடியில் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்துப் போடுவதும் வீட்டு உத்திகள். தட்டு தடதடவென்று ஆடி அடியைக் கலக்கும் என்பதால், பால் நீர்த்திருக்கும் கட்டத்தில் அது பயன்படலாம். குழம்பானபின் அதே தட்டின் கீழ் பால் சிக்கிக்கொள்ளும். அதற்குள் எடுத்துவிட வேண்டும். அலசுவது அவ்வளவு உதவும் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்த நீர்ப்படலம் பாலில் கலந்துபோகச் சில நொடி போதும்.

அடிபிடித்துவிட்டது என்று மூக்கு சொன்னபின் சுரண்டக் கூடாது என்பதில் மட்டும் எல்லாக் கட்சிக்கும் ஒரே கருத்து. அடுப்பிலிருந்து இறக்கி, அடியைத் தொடாமல் மேலிருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் பெரும்பகுதியைக் காப்பாற்றலாம். கருகிய தோலைப் பெயர்த்துக் கலந்துவிட்டால், கறுப்புத் துணுக்குகளை வடிகட்டினாலும் அந்த மணம் கொழுப்பில் ஊறி நிற்கும்.

மதுராப் பேடாவையும் தார்வாட் பேடாவையும் பார்த்து, "அவையும் கருகியவைதானே" என்று கேட்பவர்கள் உண்டு. அவை கருகியவையல்ல, பழுத்தவை. கோவாவை மறுபடியும் வறுத்து, முழுத்திரளையும் ஒரே சீராகப் பழுக்கவைக்கிறார்கள். அடிபிடிப்பதில் ஒரு மயிரிழைப் படலம் மட்டும் பல படி தாண்டிப் போய்விடுகிறது; மற்றதெல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது.

இரண்டு லிட்டரை வைத்து ஒரு கணக்கு

இரண்டு லிட்டர் பசும்பாலை எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 2,060 கிராம். அதில் எட்டில் ஒரு பங்கு, அதாவது 257 கிராம், நீரல்லாத சரக்கு. லிட்டருக்கு 125 கிராம் வீதம் 250 கிராம் சர்க்கரை சேர்ப்பதாக வைத்துக்கொண்டால், கரண்டியில் எடுத்தால் நிற்கிற, ஆனால் மென்மை போகாத பால்கோவா 660 கிராம் வாக்கில் கிடைக்கும். அப்போது அதில் நூற்றுக்கு 23 பங்கு நீர் இருக்கும். அடுப்பு ஆவியாக்க வேண்டிய நீர் 1,650 கிராம்.

பாலைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவும் இவ்வளவு நீரை ஆவியாக்கவும் சுமார் 4,300 கிலோஜூல் வெப்பம் தேவை. வீட்டு அடுப்பின் பெரிய பர்னரை முழுதாகத் திறந்தால் பாத்திரத்துக்குள் 1.5 கிலோவாட் போய்ச் சேர்கிறது என்று கொண்டால், வேலை 48 நிமிடத்தில் முடியும். தணித்துவைத்து 0.5 கிலோவாட் மட்டும் போனால் 2 மணி 23 நிமிடம் ஆகும். பக்கங்களில் இழக்கும் வெப்பத்தைச் சேர்த்தால் உண்மையில் இன்னும் கூடும்.

இப்போது பட்டறை சொன்ன 2.8 மடங்குக் கட்டத்தை இதில் வைத்துப் பார்க்கலாம். சர்க்கரை போடாத நிலையில் பால் 2,060 கிராமிலிருந்து 736 கிராமாகும்போது அந்தக் கட்டம் வருகிறது. அதற்குள் 1,324 கிராம் நீர் போயிருக்கும். போக வேண்டிய நீரில் ஐந்தில் நான்கு பங்கு, பால் பாலாகவே ஓடிக்கொண்டிருக்கும்போதே போய்விடுகிறது. குழம்பான பிறகு போக வேண்டியது 326 கிராம்தான். முதல் பகுதியை முழுத்தீயிலும் இரண்டாம் பகுதியைத் தணிந்த தீயிலும் செய்தால் 40 நிமிடமும் 25 நிமிடமுமாக ஏறக்குறைய 65 நிமிடத்தில் முடிகிறது. முழுச் சிறுதீயைவிட ஒன்றேகால் மணி நேரம் மிச்சம். முழுப் பெருந்தீயோடு ஒப்பிட்டால் கூடுதல் செலவு 17 நிமிடம். கருகும் அபாயம் பெரும்பாலும் நிற்கிற கட்டம் அந்த 17 நிமிடத்தால் அடங்கிவிடுகிறது.

நீர்த்த பாலில் பெருந்தீ ஏன் பொறுக்கிறது, குழம்பில் ஏன் பொறுப்பதில்லை என்பதும் இதோடு விளங்கும். நீர்த்த பால் அடியில் சூடானதும் தானே மேலேறி, குளிர்ந்த பாலுக்கு இடம்விடும். குழம்பு அப்படி நகராது. அடியில் இருக்கும் படலம் அங்கேயே கிடந்து வேகும். அதை நகர்த்துவது துடுப்பு மட்டுமே. அளவைப் பெருக்கும்போது மாறாமல் இருக்க வேண்டியது தீயின் உயரமல்ல, கட்டத்துக்கேற்ற இந்த மாற்றம்.

சர்க்கரையை எப்போது போடுவது என்பதையும் இங்கே தொட வேண்டும். குழம்பான 736 கிராமில் 250 கிராம் சர்க்கரை விழுந்ததும் திரள் இளகி மறுபடியும் ஓடத் தொடங்கும். சர்க்கரை இருக்கும் நீரிலேயே கரைந்து பாகாவதால் இது நேர்கிறது. பதம் தவறிவிட்டதோ என்று இங்கே பயந்து தீயைக் கூட்டுபவர்கள் அதிகம். கூட்டத் தேவையில்லை, பத்து நிமிடத்தில் திரும்பவும் இறுகும். முதலிலேயே சர்க்கரையைப் போட்டால் இந்த இளக்கம் தெரியாது, ஆனால் நிறம் கூடுதலாக ஏறலாம். வெல்லம் வேறு விஷயம். அதன் புளிப்பு பாலைத் திரியவைக்கும் என்பதால், பால் நன்றாகச் சுண்டிய பின்பே திரட்டுப்பாலில் அதைச் சேர்ப்பது வழக்கம்.

பதம்: கண், கை, தராசு

முடிவை எப்படி அறிவது என்பதில் மூன்று வழி சொல்லப்பட்டிருக்கிறது. கண்ணால் பார்ப்பவர்கள் குமிழியைப் பார்க்கிறார்கள். ஆரம்பத்தில் நுரை, பிறகு பெரிய குமிழி, குழம்பானதும் 'தளக் தளக்' என்று அங்கங்கே வெடித்துத் தெறிக்கும், கடைசியில் வெடிப்பு அடங்கும். துடுப்பை அடியில் இழுத்தால் பாத்திரம் கோடாகத் தெரிந்து, அந்தக் கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரமிருக்கிறது. கோடு நின்று, திரள் பக்கங்களை விட்டு ஒன்றாகச் சுருண்டு வந்தால் பதம். ஓரத்தில் நெய் கசிந்தால் இனிப்பில்லாத கோவாவில் அது முடிவின் அடையாளம். சர்க்கரை சேர்த்த பால்கோவாவில் சற்று தாண்டிவிட்டதற்கும் அடையாளமாக இருக்கலாம். கையை நம்புபவர்கள் ஒரு துளியை ஆறவிட்டு விரலிடையே உருட்டுகிறார்கள். ஒட்டாமல் உருண்டால் சரி.

இந்த அடையாளங்கள் பொய்யில்லை. ஆனால் இவை எல்லாம் சூட்டில் பார்க்கும் அடையாளங்கள். சூடாக இருக்கும்போது உருகியிருக்கும் கொழுப்பு ஆறியபின் கட்டிப்படும்; ஆகவே அடுப்பில் சரியாகத் தெரிவது தட்டில் கெட்டியாகிவிடும். எருமைப்பாலில் கொழுப்பு 6 பங்குக்கு மேல் இருப்பதால் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. பழகிய கை இதைக் கணித்து முன்கூட்டியே இறக்குகிறது. பழகாத கைக்கு அடையாளங்களின் பட்டியல் கிடைக்கிறது, அந்தக் கணிப்பு கிடைப்பதில்லை.

மூன்றாவது வழி தராசு. பாத்திரத்தையும் துடுப்பையும் முதலிலேயே எடைபோட்டு எழுதிவைத்துக்கொண்டால், மேலே சொன்ன கணக்கில் 660 கிராம் வரும்போது இறக்கலாம். 700 கிராமில் இறக்கினால் நீர் 28 பங்குக்கு அருகில் இருக்கும். கரண்டியால் வழித்துச் சாப்பிடும் இளம்பதம். 620 கிராம் வரை போனால் 18 பங்காகக் குறைந்து, வில்லை போடும் அளவுக்கு இறுகும். இந்த இரண்டுக்கும் நடுவே இருப்பது 80 கிராம் நீர், அதாவது தணிந்த தீயில் ஏறக்குறைய ஆறு நிமிடம். கோவா கிண்டுவது ஏன் இவ்வளவு கடினமாகத் தோன்றுகிறது என்பதற்கு இந்த ஆறு நிமிடமே போதுமான விளக்கம். தராசுக்கும் ஒரு குறை உண்டு. பாலில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று தெரியாவிட்டால் இலக்கு எடையே தவறிவிடும். தண்ணீர் கலந்த பாலில் 660 கிராமில் நிறுத்தினால் குழம்புதான் கிடைக்கும். ஆகவே தராசு அருகில் கொண்டுபோய் விட, கடைசி முடிவைக் கண்ணும் கையும் சொல்லுமாறு வைத்துக்கொள்வதே நடைமுறைக்கு உகந்தது என்று தோன்றுகிறது.

கடைக்காரர்களின் வகைப்பாடும் நீரின் அளவையே சுற்றிவருகிறது. பர்பிக்கும் பேடாவுக்கும் போகும் இறுகிய 'பிண்டி'யில் நீர் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. குலோப் ஜாமூனுக்குப் போகும் இளகிய 'தாப்' அதைவிட ஈரமானது. கலாகந்துக்குப் போகும் மணிமணியான 'தானேதார்' இவற்றின் இடையில் நிற்கிறது.

மணலும் மணியும்

கோவாவில் "மணி" வேண்டும், "மணல்" கூடாது. நாவில் இரண்டும் சொரசொரப்பாகவே படுவதால் பல எழுத்துகளில் இவை குழம்பிக் கிடக்கின்றன. மணி என்பது புரதம் திரண்ட துணுக்கு. சுண்டும்போது பால் சற்றே புளித்திருந்தால், அல்லது இரண்டு லிட்டருக்கு ஒரு கிராம் அளவில் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஊற்றினால், பால் முழுதும் திரிந்துபோகாமல் மணிமணியாகத் திரளும். துடுப்பை இலேசாக ஓட்டினால் மணி பெரிதாகும், விடாமல் தேய்த்தால் நொறுங்கிப் பொடியாகும். பல்லில் படும்போது மணி மெத்தென்று அமுங்கும்.

மணல் வேறு. அது பால்சர்க்கரையின் படிகம். நம் இரண்டு லிட்டரில் பால்சர்க்கரை சுமார் 97 கிராம். கடைசியில் மிஞ்சும் நீர் 153 கிராம். அடுப்புச் சூட்டில் அவ்வளவும் கரைந்திருக்கும். ஆனால் அறைச்சூட்டில் 100 கிராம் நீர் ஏறக்குறைய 20 கிராம் பால்சர்க்கரையைத்தான் கரைத்துவைத்துக்கொள்ளும். ஆக, ஆறியபின் மூன்றில் இரண்டு பங்கு படிகமாகியே தீரும். படிகம் உண்டாவதைத் தடுக்க வழியில்லை. எவ்வளவு பெரிதாக வளரும் என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. 10 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் நாவுக்குத் தெரியாது, 30 மைக்ரானைத் தாண்டினால் மணலாகத் தெரியும். சூடான திரளை அசையாமல் மூடிவைத்தால் சில படிகங்கள் மட்டும் பிறந்து பெரிதாக வளரும். அகலமான தட்டில் பரப்பி, ஆற ஆறக் கிளறியோ பிசைந்தோ கொடுத்தால் ஏராளமான சிறு படிகங்கள் ஒரே நேரத்தில் பிறந்து எதுவும் பெரிதாகாமல் நிற்கும். பேடா செய்பவர்கள் கோவாவை உள்ளங்கையால் தேய்த்துப் பிசைவது வடிவத்துக்காக மட்டுமல்ல.

மணல் உடனே தெரியாமல் இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரிவதால், "சர்க்கரை சரியாகக் கரையவில்லை" என்று கடைக்காரர் மேல் பழி விழுவதுண்டு. கரும்புச் சர்க்கரை பால்சர்க்கரையைவிடப் பல மடங்கு நன்றாகக் கரைவது. இந்த அளவு நீரில் முதலில் தவறுவது பெரும்பாலும் பால்சர்க்கரைதான். குளிர்பெட்டியில் நாள்கணக்கில் வைத்தால் அது இன்னும் வேகமாக வெளிப்படும்.

எருமைப்பால் கோவா மென்மையாகவும் பசும்பால் கோவா சற்றே ஒட்டும் தன்மையோடும் வருவதை நூல்கள் பொதுவாக எருமைப்பாலுக்குச் சாதகமாகவே எழுதுகின்றன. எருமைப்பாலில் நூற்றுக்கு 21 முதல் 23, பசும்பாலில் 17 முதல் 19 என்று கோவாவின் விளைச்சலும் அதற்குச் சாதகம். அந்தத் தீர்ப்பு இனிப்பில்லாத கோவாவை வைத்துச் சொன்னது. பசும்பாலிலேயே பெயர்பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூரின் முன்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை.

நீராவியின் வரம்பு

தொழிற்சாலை சுடரை விட்டு நீராவிக்கு மாறியது கூலிக்காகத்தான் என்று நினைப்பதுண்டு. அடிபிடிக்கும் பிரச்சினைக்கு அதுவே மிகத் தெளிவான பதிலும் ஆகும். எரிவாயுச் சுடரின் சூடு 1,000 டிகிரியை எளிதில் தாண்டும். பாத்திரத்தைக் காப்பது உள்ளிருக்கும் பாலின் ஈரம் மட்டுமே. இரட்டைச் சுவர்ப் பாத்திரத்தில் ஒரு பார் அழுத்த நீராவியைச் செலுத்தினால் சுவர் 120 டிகிரிக்கு மேல் போகவே போகாது. கை ஒரு கணம் நின்றாலும் கருகுவதற்கான சூடு அங்கே இல்லை. கர்னாலிலுள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனமும் தேசியப் பால்வள வாரியமும் உருவாக்கிய தொடர் இயந்திரங்கள் இதையே நீட்டிக்கொண்டு போயின: நீராவிச் சுவருள்ள உருளை, உள்ளே சுழன்று சுவரைச் சுரண்டும் கத்திகள், மெல்லிய படலமாக ஓடும் பால். ஹல்வாயின் குந்தியும் கடாயும்தான் அவை, படுக்கவைத்து அச்சில் மாட்டப்பட்ட நிலையில்.

இந்த முறை மீதுள்ள குறை மணத்தைப் பற்றியது. சுவர் ஒருபோதும் அதிகச் சூடாகாததாலும், பால் சில நிமிடமே உள்ளே இருப்பதாலும், கோவா வெள்ளையாகவும் ஒரே சீராகவும் வருகிறது; கடாய்க் கோவாவின் வெந்த மணம் குறைவாக இருக்கிறது என்று சொல்பவர்கள் பலர். அதைச் சுவைத்து அறிந்தவர்களின் பேச்சை ஏக்கம் என்று ஒதுக்குவது நியாயமாகாது. கடாயில் ஒவ்வொரு சுற்றிலும் அடியில் ஒரு மெல்லிய படலம் லேசாகப் பழுத்து, துடுப்பால் பெயர்க்கப்பட்டு, திரளில் கலக்கிறது. பழுத்த, கருகாத அந்தப் படலங்களின் கூட்டுத்தொகைதான் கடாய்க் கோவாவின் மணம் என்று கொள்ள இடமிருக்கிறது. அப்படியானால் அடிபிடித்தலை முழுதாக ஒழித்த முறை, கூடவே வேண்டிய ஒன்றையும் ஒழித்துவிட்டது.

இன்னும் தீராதவை

தீயைப் பற்றிய வழக்கு பெருமளவு தீர்ந்துவிட்டதாகவே கொள்ளலாம். கட்டத்துக்கேற்பத் தீ மாற வேண்டும் என்பதில் பட்டறையும் பாடநூலும் ஒத்துப்போகின்றன. சிறுதீ மரபு தன் நிறத்துக்காகவும் வீட்டு வசதிக்காகவும் தனியே நிற்கலாம்.

புகையைப் பற்றிய வழக்கு தீரவில்லை. பாடநூல் புகையில்லாத தீயைக் கேட்கிறது. விறகடுப்பில் கிண்டியதையே விரும்பி வாங்குபவர்கள் புகையின் சாயலைத் தேடுகிறார்கள். வாயகன்ற கடாயில் புகை எவ்வளவு பாலில் இறங்குகிறது, விறகடுப்பின் சீரற்ற சூடு அடிப்படலத்தைப் பழுக்கவைப்பதால் வரும் மணத்தையே நாம் புகை என்று சொல்கிறோமா என்பதை நாவால் மட்டும் பிரித்தறிவது கடினம்.

பதத்தைப் பற்றிய கேள்வியும் திறந்தே இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகள் கோவாவின் உலர்ந்த சரக்கில் கொழுப்பு 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கின்றன. புளிப்புக்கும் வரம்பு வைத்திருக்கின்றன. மணி எவ்வளவு இருக்க வேண்டும், மணல் எப்போது குறை ஆகும் என்று அவை சொல்வதில்லை. வாங்குபவரோ முதலில் அதைத்தான் நாவில் பார்க்கிறார். சர்க்கரையோடு சேர்ந்து சுண்டும் பசும்பாலில் திரளும் கட்டம் 2.8 மடங்கிலேயே வருகிறதா, தள்ளிப்போகிறதா என்பது தென்னாட்டுப் பட்டறைகளுக்குத் தினமும் கைபடும் கேள்வி. அதைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம்: ஒரு கடாய், ஒரு தராசு, ஒரு வெப்பமானி, ஒரே மாட்டின் பால் இரண்டு பங்கு. ஒன்றில் சர்க்கரையை முதலிலேயே போட்டு, மற்றதில் குழம்பான பின் போட்டு, நிறம் மாறும் கணத்தில் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தால் போதும்.